அழுத்தாத பட்டனும் தகவல் அனுப்பும்

பிற இணையதளங்களில் பதிக்கப்பட்டிருக்கும் தன் 'லைக்' பட்டனையும் கருத்துப் பெட்டியையும் 2026 பிப்ரவரி 10-ஆம் தேதியோடு நிறுத்துவதாக மெட்டா நிறுவனம் 2025 நவம்பரில் அறிவித்தது. தளம் நடத்துபவர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, பட்டன் இருந்த இடம் நீளமும் அகலமும் 0 பிக்சலாகச் சுருங்கிவிடும், பக்கத்தில் பிழைச்செய்தி எதுவும் வராது என்றும் அந்த அறிவிப்பு சொன்னது. கேட்பதற்கு நிம்மதியான செய்தி. பிரச்சினை தொடங்குவதும் அங்கேதான்.

லைக் பட்டன் என்பது தளத்தில் ஒட்டப்பட்ட படம் அல்ல. பக்கத்தின் உள்ளே எழுதப்பட்ட ஒரு நிரல்வரி அது. வாசகர் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், பேஸ்புக்கின் சர்வருக்குப் போய் ஒரு நிரலை எடுத்துவா என்று அந்த வரி அவருடைய உலாவிக்குக் கட்டளையிடுகிறது. பட்டன் கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்பதற்கும் அந்தப் பயணத்துக்கும் தொடர்பில்லை. தளத்தின் உரிமையாளர் வரியை நீக்காதவரை உலாவி போய்க்கொண்டுதான் இருக்கும். பட்டன் மறைந்துவிட்டால், இப்படி ஒரு வரி நம் தளத்தில் இருக்கிறது என்பதை நினைவூட்ட எதுவும் மிஞ்சாது.

அந்த வரியை ஒவ்வொரு தளத்தாரும் தாமே தேடி எடுத்துவிட வேண்டும். அது இருந்த இடத்தில் வேறொரு நிறுவனத்தின் அதேபோன்ற வரியை வைக்கவும் கூடாது. பகிர்வதற்கு வெறும் இணைப்பு போதும். பக்கம் வேகமாகத் திறப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம்மிடம் வரும் வாசகரை, அவருக்குத் தெரியாமல், வேறொருவரிடம் அடையாளம் காட்டிக்கொடுப்பது நம் கைவேலை என்பதால் சொல்கிறேன்.

ஒரு வரி என்ன செய்கிறது?

பட்டன் நிறுத்தப்படுவதற்கு முந்தைய நிலையில், ஒரு தமிழ்ச் செய்தித்தளம் தன் பக்கத்தின் கீழே லைக் பட்டன் வைத்திருக்கிறது என்று கொள்வோம். அதற்காகப் பேஸ்புக் தந்த வரிகள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
<script async defer crossorigin="anonymous"
 src="https://connect.facebook.net/ta_IN/sdk.js#xfbml=1&version=v19.0"></script>
<div class="fb-like" data-href="https://example.in/news/101"></div>
```

வாசகர் பக்கத்தைத் திறக்கிறார். உலாவி முதலில் தளத்தின் சர்வரிலிருந்து கட்டுரையைப் பெறுகிறது. அதில் இந்த வரியைக் கண்டதும் connect.facebook.net எங்கே இருக்கிறது என்று விசாரிக்கிறது, அந்தச் சர்வரோடு தொடர்பு ஏற்படுத்துகிறது, மறைகுறியாக்கத்துக்கான பேச்சுவார்த்தையை முடிக்கிறது, பிறகு sdk.js கோப்பைக் கேட்கிறது. கேட்ட கணத்தில் வாசகரின் ஐபி முகவரி பேஸ்புக்குக்குத் தெரிந்துவிடுகிறது. எந்த உலாவி, எந்த வகைப் போன், எந்தத் தளத்திலிருந்து வருகிறார் என்பதும் கூடவே போகிறது.

இதுவரை குக்கி எதுவும் போகவில்லை. connect.facebook.net வேறு டொமைன்; crossorigin="anonymous" என்ற குறிப்பும் குக்கியைத் தடுத்துவிடுகிறது. இதைக் காட்டி "குக்கி இல்லாமல்தானே எடுக்கிறோம்" என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அடுத்த படியைப் பார்க்க வேண்டும். sdk.js இயங்கத் தொடங்கியதும் பக்கத்தில் fb-like என்ற பெட்டியைத் தேடுகிறது. கிடைத்ததும் அதற்குள் www.facebook.com-இன் like.php பக்கத்தை ஒரு சட்டமாகத் திறக்கிறது. பட்டனாக நாம் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். facebook.com-க்கு உரிய குக்கிகள் அந்த உலாவியில் இருந்தால் இந்தக் கோரிக்கையோடு அவை சென்றுவிடும். வாசகர் பேஸ்புக்கில் உள்நுழைந்திருந்தால் அவர் யார் என்பது தெரிந்துவிடும். பெயர், வயது, நண்பர்கள் என எல்லாமே ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. புதிதாகச் சேர்வது ஒரே ஒரு செய்தி: இவர் இந்த நேரத்தில் இந்தக் கட்டுரையைத் திறந்தார்.

எந்தக் கட்டுரை என்பதும் தெரியுமா? முன்பு உலாவிகள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு சர்வரைக் கேட்கும்போது முந்தைய பக்கத்தின் முழு முகவரியையும் சொல்லிவிடும். 2020-இல் குரோம் அதைத் திருத்தியது. இப்போது தளத்தின் பெயர் மட்டும்தான் இயல்பாகப் போகும். நல்ல திருத்தம்தான், ஆனால் லைக் பட்டனிடம் அது பயன்படாது. மேலே உள்ள data-href-ஐப் பாருங்கள். எந்தப் பக்கத்துக்கான லைக் என்று சொல்ல, கட்டுரையின் முழு முகவரியைத் தளத்தாரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த முகவரி like.php கோரிக்கையிலேயே போய்விடுகிறது. மருத்துவமனைத் தளத்தில் கருக்கலைப்பைப் பற்றியோ காசநோயைப் பற்றியோ படிக்கிறவருக்கு இந்த ஒரு முகவரியின் கனம் புரியும். பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையின் தளத்தில் லைக் பட்டன் இருந்தது பற்றி 2010-ஆம் ஆண்டிலேயே கேள்வி எழுந்தது. லைக் பட்டன் பிற தளங்களுக்கு வந்ததே அந்த ஆண்டு ஏப்ரலில்தான்.

பேஸ்புக்கில் கணக்கே இல்லாதவர்களும் விலக்கு அல்லர். பேஸ்புக்கின் ஏதாவது ஒரு பக்கத்தை ஒருமுறை திறந்தாலே datr என்ற குக்கி உலாவியில் வைக்கப்படுவதையும், அதன் ஆயுள் 2 ஆண்டு என்பதையும், பிறகு லைக் பட்டன் உள்ள எந்தத் தளத்துக்குப் போனாலும் அது பேஸ்புக்குக்குத் திரும்பிச் செல்வதையும் பெல்ஜியத்தின் தனியுரிமை ஆணையம் 2015-இல் பெரிய வழக்காக எடுத்தது. போலிக் கணக்குகளைத் தடுக்கும் பாதுகாப்புக்காகவே அந்தக் குக்கி என்று பேஸ்புக் விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், வாசகர் எதையும் அழுத்தாமலே தகவல் போகிறது என்ற உண்மை மாறவில்லை.

உலாவிகள் இதைத் தடுக்கவில்லையா என்று கேட்கலாம். சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து பிற தளக் குக்கிகளை முழுவதுமாகத் தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் 2022-இலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிக் குக்கிப் பெட்டி வைக்கிறது. குரோம் பல ஆண்டுகள் நிறுத்தப்போவதாகச் சொல்லிவந்து, 2025 ஏப்ரலில் தன் பழைய ஏற்பாட்டையே தொடர்வதாக அறிவித்தது. ஆண்ட்ராய்டு போனும் அதோடு வரும் குரோமும்தான் நம் ஊர் வாசகர்களில் பெரும்பாலோரின் கையில் இருக்கின்றன. நம்மைப் பொறுத்தவரை அந்தக் காப்பு இன்னும் வரவில்லை.

கட்டுரையைவிடக் கனமான பட்டன்

தமிழில் 800 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரையின் எழுத்து, சுருக்காமல் அனுப்பினால்கூட, 20 கிலோபைட் அளவில்தான் இருக்கும். சுருக்கி அனுப்பினால் இன்னும் குறையும். ஒரு லைக் பட்டனுக்காக இறங்கும் நிரல் சுருக்கிய நிலையிலேயே பல பத்து கிலோபைட். உலாவி அதை விரித்துப் படிக்கும்போது அது சில மடங்காகிறது. வாசகர் எதற்காக வந்தாரோ அதைவிட, அவர் தொடக்கூட மாட்டார் என்ற ஒன்று அதிக இடம் பிடிக்கிறது.

அளவைவிடத் தூரம் பெரிய பிரச்சினை. புதிய சர்வர் ஒன்றோடு பேசத் தொடங்கப் பொதுவாக மூன்று முறை போய்வர வேண்டும்: முகவரி விசாரிக்க ஒன்று, தொடர்புக்கு ஒன்று, மறைகுறியாக்கத்துக்கு ஒன்று. பேருந்தில் போகிறவரின் 4ஜி இணைப்பில் ஒரு போய்வரவுக்கு 100 மில்லிநொடி என்று வைத்தால், முதல் பைட்டைக் கேட்பதற்கு முன்பே 300 மில்லிநொடி போய்விடும். connect.facebook.net-க்கு ஒருமுறை, www.facebook.com-க்கு ஒருமுறை, படங்கள் வரும் இன்னொரு டொமைனுக்கு ஒருமுறை. அருகிலேயே எக்ஸ் தளத்தின் பதிவு ஒன்றும் யூடியூப் காணொலி ஒன்றும் இருந்தால் அவற்றுக்கும் இதே கணக்கு.

வரியில் async என்று இருப்பதால் பக்கம் காத்திருக்காது என்பது தொழில்நுட்பக்காரர்களின் வழக்கமான பதில். பாதி சரி. நிரல் இறங்கும்வரை பக்கம் காத்திருக்காது. இறங்கிய பிறகு அதை இயக்குவது, விரல் தொட்டால் பதில் சொல்லும் அதே முதன்மை இழைதான். அது நிரலில் மூழ்கியிருக்கும் நேரத்தில் வாசகர் 'மேலும் படிக்க' என்பதை அழுத்தினால் எதுவும் நடக்காது. அவர் மறுபடி அழுத்துவார். தொட்டதற்கான பதில் 200 மில்லிநொடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்பது கூகுள் 2024 மார்ச் முதல் தன் பக்க அனுபவ அளவீட்டில் வைத்திருக்கும் வரம்பு. தளத்தை உருவாக்கியவரின் விலையுயர்ந்த மடிக்கணினியில் அந்த வரம்பை எளிதில் எட்டிவிடலாம். அதே நிரலை 8,000 ரூபாய்ப் போனில் இயக்கிப் பார்த்தால்தான் வாசகர் படும் பாடு தெரியும்.

பதிக்கப்பட்ட பதிவுகளில் இன்னொரு தொல்லை உண்டு. எக்ஸ் பதிவைப் பதிக்கும்போது முதலில் வருவது வெறும் மேற்கோள் பத்தி. widgets.js நிரல் வந்தபிறகு அது நீக்கப்பட்டு அட்டையாக மாறுகிறது. அட்டை பத்தியைவிட உயரமானது. அதற்குக் கீழே படித்துக்கொண்டிருந்த வரி திடீரென்று திரைக்கு வெளியே போய்விடும். செய்தித்தளங்களில் எதையோ அழுத்தப்போய் விளம்பரத்தை அழுத்திவிடும் அனுபவத்துக்கு இப்படித் தாமதமாக வந்து இடம்பிடிக்கும் பெட்டிகள் முக்கியக் காரணம். முகநூல் பக்கத்தின் பதிவுகளை ஓடவிடும் பக்கவாட்டுப் பெட்டி இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. பட்டன் ஒன்றுதான், அந்தப் பெட்டியோ படங்கள், எழுத்துருக்கள், நிரல்கள் என்று இன்னொரு இணையதளத்தையே நம் பக்கத்துக்குள் திறக்கிறது.

வேகத்தைவிடவும் அச்சம் தருவது 2013 பிப்ரவரி 7 அன்று நடந்தது. பேஸ்புக்கின் இணைப்பு நிரலில் ஏற்பட்ட கோளாறால் சிஎன்என், வாஷிங்டன் போஸ்ட் போன்ற தளங்களுக்குப் போன, பேஸ்புக்கில் உள்நுழைந்திருந்த வாசகர்கள் தாங்கள் கேட்ட செய்திக்குப் பதில் பேஸ்புக்கின் பிழைப் பக்கத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். சிறிது நேரத்தில் சரிசெய்துவிட்டார்கள். அந்தச் செய்தித்தளங்களின் சர்வரில் எந்தப் பழுதும் இல்லை. பிறர் எழுதிய நிரலை நம் பக்கத்தின் உள்ளேயே இயங்கவிட்டால், நம் பக்கத்தில் நாம் செய்யக்கூடிய எல்லாவற்றையும் அதுவும் செய்யலாம்: படிக்கலாம், மாற்றலாம், வாசகரை வேறெங்கும் அனுப்பலாம். உலகின் பெரிய செய்தி நிறுவனங்கள் தங்கள் வாசலின் சாவியை இப்படிக் கொடுத்துவைத்திருந்தன என்பது அன்றைக்குத்தான் பலருக்கும் புரிந்தது.

டுசல்டார்ஃப் துணிக்கடை வழக்கு

"தகவலைத் திரட்டுவது பேஸ்புக், நாங்கள் பட்டனைத்தானே வைத்தோம்" என்பதற்குத் தெளிவான பதில் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஃபேஷன் ஐடி என்பது டுசல்டார்ஃப் நகரிலிருந்து இணையத்தில் துணி விற்ற கடை. பீக் அண்ட் கிளாப்பன்பர்க் என்ற பழைய துணிக்கடைக் குழுமத்தைச் சேர்ந்தது. அதன் தளத்தில் லைக் பட்டன் இருந்தது. வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநில நுகர்வோர் சங்கம் அதன்மீது வழக்குத் தொடுத்தது. சங்கத்தின் வாதம் எளியது: கடைக்கு வந்தவர் பேஸ்புக் உறுப்பினரோ இல்லையோ, பட்டனை அழுத்தினாரோ இல்லையோ, பக்கம் திறந்த உடனே அவருடைய தகவல் பேஸ்புக்குக்குப் போகிறது, அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை.

டுசல்டார்ஃபின் கீழ் நீதிமன்றம் 2016-இல் சங்கத்தின் பக்கம் பெருமளவு நின்றது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் சில கேள்விகளை லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2019 ஜூலை 29 அன்று அங்கே தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பில் நான் மிகவும் மதிப்பது அது பொறுப்பைப் பிரித்த விதம். தகவல் பேஸ்புக்கைச் சென்றடைந்த பிறகு அங்கே என்ன செய்யப்படுகிறது என்பதற்குக் கடை பொறுப்பல்ல. அதைக் கடையால் தீர்மானிக்க முடியாது. ஆனால் தகவல் திரட்டப்படுவதற்கும் அனுப்பப்படுவதற்கும் கடையும் பேஸ்புக்கும் கூட்டுப் பொறுப்பாளிகள். அந்த வரியைக் கடை பதிக்காமல் இருந்திருந்தால் அனுப்புதலே நடந்திருக்காது. கடை ஏன் பதித்தது என்பதையும் நீதிமன்றம் பார்த்தது. தன் பொருள்கள் பேஸ்புக்கில் கூடுதலாகக் கண்ணில்படும் என்ற வணிக ஆதாயத்துக்காகத்தான். ஆதாயம் இருவருக்கும் என்றால் பொறுப்பும் இருவருக்கும். ஒப்புதல் தேவைப்படும் இடத்தில் அதைக் கேட்க வேண்டியவரும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியவரும் தளத்தாரே, ஏனென்றால் அனுப்புதல் தொடங்குவது அவருடைய பக்கத்தில்தான்.

இந்தத் தீர்ப்புக்கு 8 ஆண்டு முன்பே, 2011-இல், ஜெர்மனியில் ஹைசே பதிப்பகத்தின் கணினி இதழ் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. பக்கம் திறக்கும்போது இருப்பது சாம்பல் நிறத்தில் வெறும் படம் மட்டும். வாசகர் ஒருமுறை அழுத்தினால் உண்மையான பட்டன் இறங்கும், மறுமுறை அழுத்தினால் லைக் பதிவாகும். இரண்டு அழுத்தம் என்று அதற்குப் பெயர். தன் பட்டனைப் போன்ற படத்தைப் பயன்படுத்துவதை பேஸ்புக் ஆட்சேபித்தபோது இதழ் படத்தை மாற்றியதே தவிர முறையைக் கைவிடவில்லை. 2014-இல் அதே இதழ் ஷாரிஃப் என்ற பெயரில் இன்னும் எளிய ஒன்றை எல்லோருக்கும் இலவசமாகத் தந்தது. அதில் பட்டன் என்பது வெறும் இணைப்பு. பகிர்வு எண்ணிக்கை வேண்டுமானால் அதை வாசகரின் உலாவி கேட்காது, தளத்தின் சர்வர் கேட்கும். பேஸ்புக்குக்கு வாசகரின் முகவரி தெரியாமல் சர்வரின் முகவரி மட்டும் தெரியும்.

பட்டன்களை இலவசமாகத் தரும் இடைத்தரகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்திஸ் என்ற நிறுவனத்தின் பட்டன்கள் ஒருகாலத்தில் இணையம் முழுவதும் இருந்தன. 2014-இல் பிரின்ஸ்டன், லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதல் 1,00,000 தளங்களைச் சோதித்தபோது, 5 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட தளங்களில் வாசகரின் கணினியை ஒரு மறைவான ஓவியம் வரையச் சொல்லி, அதன் நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு அடையாளம் காணும் உத்தி இருப்பதைக் கண்டார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஆட்திஸ் நிரல். குக்கியை அழித்தாலும் தப்ப முடியாத வழி அது. தளத்தார் பலருக்கும் தங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று ஓடியதே தெரிந்திருக்காது. 2016-இல் ஆரக்கிள் அந்நிறுவனத்தை வாங்கியது; 2023 மே மாதத்தில் சேவையை மூடியது.

இவ்வளவுக்கும் அந்தப் பட்டன்களை எத்தனை பேர் அழுத்துகிறார்கள்? பிரிட்டன் அரசின் ஒருங்கிணைந்த தளம் பகிர்வு இணைப்புகளைச் சேர்த்த முதல் 10 வாரக் கணக்கை 2014-இல் வெளியிட்டது. 1,000 பக்கப் பார்வைக்கு ஏறக்குறைய 2 பேர். அரசுத் தளத்தோடு செய்தித்தளத்தை நேராக ஒப்பிட முடியாது, செய்தியில் இது கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் ஆயிரத்தில் மீதிப்பேர் எதைச் சுமக்கிறார்கள் என்று ஒவ்வொரு தளத்தாரும் தன் கணக்கை எடுத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

இணைப்பு போதும்

வாட்ஸ்ஆப்பில் பகிர இது போதுமானது:

```
<a href="https://wa.me/?text=https%3A%2F%2Fexample.in%2Fnews%2F101">வாட்ஸ்ஆப்பில் பகிர்</a>
```

பேஸ்புக்குக்கும் இதேபோல sharer.php முகவரி ஒன்று இருக்கிறது. வாசகர் அழுத்தும்வரை எந்த வெளிச் சர்வருக்கும் எந்தக் கோரிக்கையும் போகாது. அழுத்தினால் போகும், அது அவரே தெரிந்து செய்த செயல். படக்குறியையும் நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அதை வேறிடத்திலிருந்து இழுத்தால் மறுபடி ஐபி முகவரி வெளியே போய்விடும்.

இதைவிட நல்லது போனில் ஏற்கெனவே இருக்கும் பகிர்வுப் பலகையைத் திறப்பது. navigator.share என்ற கட்டளை அதைச் செய்கிறது:

```
if (navigator.share) {
  btn.hidden = false;
  btn.onclick = () => navigator.share({ title: document.title, url: location.href });
}
```

வாசகரின் போனில் எந்தெந்தச் செயலிகள் இருக்கின்றனவோ அவை எல்லாம் வரிசையாக வரும். டெலிகிராம், சிக்னல், மின்னஞ்சல் என்று நாம் எண்ணிப் பட்டன் வைக்க வேண்டியதில்லை. அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது நமக்குக்கூடத் தெரியாது. https இணைப்பில்தான் இது இயங்கும். கணினிக்கான ஃபயர்பாக்ஸில் கிடையாது. அதனால்தான் முதல் வரியில் அந்தச் சோதனை. கிடைக்காத இடத்தில் பட்டன் மறைந்தே இருக்கும், மேலே சொன்ன இணைப்பு கைகொடுக்கும்.

பதிக்கப்பட்ட பதிவுகளுக்கு வழி இன்னும் எளிது என்பது பல ஆசிரியர் குழுக்களுக்குத் தெரிவதில்லை. எக்ஸ் தரும் பதிப்பு நிரலிலேயே பதிவின் வாசகம் மேற்கோளாக இருக்கிறது. கடைசியில் உள்ள widgets.js வரியை மட்டும் எடுத்துவிட்டால் வாசகமும் எழுதியவர் பெயரும் தேதியும் மூலப் பதிவுக்கான இணைப்பும் அப்படியே நிற்கும். படம் மட்டும் வராது. பதிவை எழுதியவர் நாளைக்கே அதை அழித்துவிட்டாலும் நம் செய்தியில் ஓட்டை விழாது. யூடியூப் காணொலிக்கு முன்படத்தை நம் சர்வரில் வைத்து, அழுத்திய பிறகு youtube-nocookie.com முகவரியிலிருந்து இறக்கலாம்.

முகநூல் பக்கத்தை ஓடவிடும் பக்கவாட்டுப் பெட்டிக்கு மட்டும் நேரடி மாற்று இல்லை. தளத்தின் சர்வர் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவுகளை எடுத்து, தானே வைத்துக்கொண்டு காட்டலாம். அதற்கு அனுமதி வாங்க வேண்டும், பராமரிக்கவும் ஆள் வேண்டும். அந்தப் பெட்டி வைத்திருக்கும் கல்லூரிகளுக்கும் கோயில்களுக்கும் நகராட்சிகளுக்கும் நான் சொல்வது வேறு. அறிவிப்பை முதலில் உங்கள் தளத்தில் எழுதுங்கள், அதன் இணைப்பைப் பேஸ்புக்கில் போடுங்கள். குடிநீர் வராத நாளைத் தெரிந்துகொள்ள ஒருவர் அமெரிக்க நிறுவனம் ஒன்றிடம் தன்னை அடையாளம் காட்ட வேண்டிய நிலை இருக்கவே கூடாது.

ஒப்புதல் என்ற பெயரில்

பட்டனை வைத்துக்கொண்டே வாசகரிடம் ஒப்புதல் கேட்டுவிடுகிறோம் என்று சிலர் ஒரு பட்டையை முன்னால் நிறுத்துகிறார்கள். அது உண்மையாக வேலை செய்கிறதா என்று யாரும் சோதிக்கலாம். கணினியில் குரோமின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, F12 அழுத்தி, Network என்ற பகுதிக்குப் போங்கள். பிறகு தளத்தின் முகவரியை இடுங்கள். ஒப்புதல் பட்டை வரும், அதைத் தொடாதீர்கள். கீழே ஓடும் பட்டியலில் facebook.net, facebook.com, twitter.com, youtube.com என்று ஏதாவது தென்படுகிறதா என்று பாருங்கள். தென்பட்டால் நீங்கள் ஆம் என்று சொல்வதற்கு முன்பே தகவல் போய்விட்டது. அந்தப் பட்டை அலங்காரம்தான்.

வேகத்தையும் அங்கேயே அளக்கலாம். ஒருமுறை அப்படியே, மறுமுறை அந்த டொமைன்களைத் தடுத்துவிட்டு, பக்கத்தை இறக்கிப் பாருங்கள். போனின் வேகத்தைப் போல நுண்செயலியையும் இணைப்பையும் மெதுவாக்கிப் பார்க்கும் வசதியும் அங்கே உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் பட்டனின் விலை. ஒரு தடவை போதாது. சில தடவை எடுத்து நடுமதிப்பைப் பாருங்கள், ஏனென்றால் இணைப்பின் வேகம் தானாகவே ஏறி இறங்கும்.

வரிகளை எடுத்த பிறகு அவை மீண்டும் நுழைவது மிக எளிது. வார்ப்புருவை மாற்றும்போதோ, புதிய செருகுநிரலை நிறுவும்போதோ, யாரோ ஒரு பதிவை அவசரத்தில் ஒட்டும்போதோ வந்துவிடும். சர்வர் அனுப்பும் தலைப்பில் Content-Security-Policy என்பதில் script-src 'self' என்றும் frame-src 'self' என்றும் எழுதிவிட்டால், யார் ஒட்டினாலும் உலாவி வெளி நிரலையும் வெளிச் சட்டத்தையும் இயக்க மறுத்துவிடும். பக்கத்துக்குள்ளேயே எழுதிய நிரலும் நின்றுவிடும் என்பதால் பகிர்வுப் பட்டனின் நிரலைத் தனிக் கோப்பில் வைக்க வேண்டும்; யூடியூப் காணொலி வேண்டுமானால் frame-src-இல் https://www.youtube-nocookie.com என்பதையும் சேர்க்க வேண்டும். விளம்பரத்தை நம்பி நடக்கும் செய்தித்தளங்களில் இவ்வளவு இறுக்கம் முடியாது; விளம்பர டொமைன்களை அனுமதித்தாக வேண்டும். அங்கே தனியுரிமைக் கேள்வி பட்டனோடு முடிவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அரசுத் துறைக்கும் விளம்பரம் இல்லை. அவர்கள் இந்த இரண்டு குறிப்புகளையும் எழுதாமல் இருக்கக் காரணமே இல்லை.

இந்தியச் சட்டமும் இந்தத் திசையில் வந்துகொண்டிருக்கிறது. 2023-இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு எதற்காக, எப்படிக் கையாளப்படுகிறது என்பதைத் தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ தீர்மானிப்பவரைப் பொறுப்பாளியாக்குகிறது. 'பிறரோடு சேர்ந்து' என்பதை நம் நீதிமன்றங்கள் லக்சம்பர்க் தீர்ப்பைப் போலவே படித்தால் பட்டன் பதித்தவரும் அதற்குள் வருவார். 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கு அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் விலக்கு உண்டு, ஆனால் அது கல்விச் செயல்பாட்டுக்கும் மாணவர் பாதுகாப்புக்குமான கண்காணிப்புக்கு மட்டும். பள்ளித் தளத்தின் ஓரத்தில் ஓடும் முகநூல் பெட்டியை அந்த விலக்குக்குள் அடக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோது முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. கணக்குப்படி 2027 மே. தரவுப் பாதுகாப்பு வாரியம் புகார் வரட்டும் என்று காத்திருக்காமல், பிற நிறுவனத்தின் பட்டனையும் பதிவுப் பெட்டியையும் பதிப்பவரின் கடமை என்ன என்பதை அதற்குள் தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் புதிய தளத்துக்கு ஒப்பந்தம் கோரும்போது, ஒப்புதலுக்கு முன் எந்த வெளி டொமைனுக்கும் கோரிக்கை போகக் கூடாது என்ற ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். ஏற்பதற்கு முன் மேலே சொன்ன மறைநிலைச் சாளரச் சோதனையை ஓர் அலுவலரே செய்து பார்த்துவிடலாம். அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.